எட்டு மாதமா, எட்டு நாளா? குழம்பி வந்த கேள்விக்கு ஊகித்துப் பதில் சொன்னால் என்ன ஆகும்

மருந்துக்கடை நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப்புக்கு ராத்திரி நேரத்தில் இப்படி ஒரு செய்தி வருவது சாதாரணம்:

```
anna papa ku 8 jurm para 5ml kudkalama nyt kuduthom
```

படித்தவுடனே புரிந்துவிட்டதுபோல இருக்கும். பாப்பாவுக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் 5 மில்லி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள், ராத்திரி ஒருமுறை கொடுத்தார்களாம். "கொடுக்கலாம்" என்று ஒரு வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் கை போகும்.

கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்த 8 எதைக் குறிக்கிறது? எட்டு மாதமா, எட்டு கிலோவா, எட்டு வயதா? எட்டு நாளாகவும் இருக்கலாம். நம் ஊரில் பிறந்த குழந்தையும் பாப்பாதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பாப்பாதான். 5ml என்பது ஐந்து மில்லியா, அல்லது .5ml என்று தட்டும்போது புள்ளி விழாமல் போய்விட்டதா? para என்ற பெயரில் வீட்டில் இருப்பது எந்த பாட்டில்? nyt என்றால் நேற்று ராத்திரியா, இன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலா?

இந்தக் கட்டுரை இந்த ஒரு செய்தியை வைத்துத்தான். சிதைந்து வந்த ஒரு கேள்வியை எப்போது நாமே சரிசெய்து படித்துக்கொள்ளலாம், எப்போது திருப்பிக் கேட்டே ஆக வேண்டும் என்பதை இதிலேயே பார்த்துவிடலாம். (இடையில் மருந்தளவுகள் வரும். அவை கணக்கைப் புரிந்துகொள்ளத்தான். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

எல்லாச் சிதைவும் ஒன்றல்ல

முதலில் ஒரு வகையைத் தள்ளி வைத்துவிடலாம். பார்ப்பதற்குப் படுமோசமாக இருக்கும், ஆனால் எதுவுமே தொலைந்திருக்காது. பழைய கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள், இப்படி வருகிறது:

```
jkpo;
```

பாமினி எழுத்துரு பழகியவர்களுக்கு இது 'தமிழ்' என்று உடனே தெரியும். j என்றால் த, k என்றால் ம, p என்றால் இகரக் கொம்பு, o என்றால் ழ, அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. விசைக்கும் எழுத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு நிலையானது, அதனால் எழுத்துருவை மாற்றினால் போதும், அப்படியே திரும்ப வந்துவிடும். இதில் ஊகத்துக்கு வேலையே இல்லை.

அதே 'தமிழ்' தமிழ் தெரியாத ஒரு மென்பொருள் வழியாகப் போய் வந்தால் இப்படி ஆகிவிடலாம்:

```
?????
```

ஐந்து கேள்விக்குறி. யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் என்பதால் ஐந்து. அந்த எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதே எண்ணிக்கை கொண்ட வேறு எந்தச் சொல்லும் இதே மாதிரிதான் வந்திருக்கும். இங்கே எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்து பார்த்தாலும் மீட்க முடியாது, அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பது ஒன்றே வழி. இதில் நல்ல விஷயம், யாரும் ஏமாற மாட்டார்கள். தொலைந்துபோனது கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது.

நம் வாட்ஸ்அப் செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாதி மீட்கலாம், பாதி தொலைந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், எது எந்தப் பாதி என்று படிக்கும்போது தெரிவதில்லை.

சொல் தாங்கும், எண் தாங்காது

jurm என்று வந்ததை 'ஜுரம்' என்று படித்தோம். kudkalama என்பதை 'குடுக்கலாமா' என்று படித்தோம். இரண்டிலும் எழுத்து குறைகிறது, ஆனால் தடுமாற்றமே இல்லை. காரணம், மொழியில் தேவைக்கு மேல் நிறையத் தகவல் இருக்கிறது. சொல்லில் ஓர் எழுத்து போனாலும் மற்ற எழுத்துகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், ஒரு சொல்லே போனாலும் பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். தகவல் கோட்பாட்டைத் தொடங்கி வைத்த கிளாட் ஷானன், 1948இல் எழுதிய கட்டுரையில், ஆங்கில எழுத்தில் ஏறக்குறையப் பாதி இப்படி உபரியானது என்று கணக்கிட்டார். அந்த உபரிதான் நமக்குக் காப்பு.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது இந்தக் காப்பு கொஞ்சம் தேய்கிறது. குறில் நெடில் ஒன்றாகிவிடும், ல ள ழ மூன்றும் ஒன்றாகிவிடும். `kal vali` என்று வந்தால் அது கால் வலியாக இருக்கலாம், சிறுநீரகக் கல்லால் வரும் வலியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆள் மருந்துக்கடைக்கு வருவார்கள் என்பதால், கடைக்காரர் என்ற சூழலும் இங்கே கைகொடுக்காது.

எண்களுக்கு அந்தக் காப்பு அறவே கிடையாது. 'காய்ச்ல்' என்று எழுதினால் அது பிழை என்று யாருக்கும் தெரியும். 5 என்று எழுதினால் அது பிழையா சரியா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 0.5 என்பதில் புள்ளி போனாலும், 50 என்பதில் சுழி போனாலும், மிஞ்சுகிற 5 எந்தக் காயமும் இல்லாத, சுத்தமான எண்ணாகத்தான் நிற்கும். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இரண்டு தடவை எழுதச் சொல்வது இதற்காகத்தான். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. சொல் அவ்வளவு லேசில் வேறொரு சொல்லாக மாறிவிடாது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

ஆக, நம் செய்தியில் கரடுமுரடாகத் தெரிகிற சொற்களெல்லாம் பத்திரமாகவே வந்து சேர்ந்திருக்கின்றன. ஒழுங்காகத் தெரிகிற 8, 5 என்ற இரண்டு எண்களில்தான் கை வைக்க முடியவில்லை. கண் நேரே எழுத்துப்பிழைக்குப் போகும், ஆனால் ஆபத்து அங்கே இல்லை.

இதே காரணத்தால், செல்பேசி தானாகத் திருத்திய செய்தியையும் குரல் வழியாகத் தட்டிய செய்தியையும் நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அவற்றில் எழுத்துப்பிழையே இருக்காது. தவறாகக் கேட்ட சொல்லுக்குப் பதிலாக, அகராதியில் உள்ள நல்ல சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும். சிதைவு நடந்த தடயமே அழிந்துவிடுகிறது.

அந்த 5 மில்லியின் கணக்கு

இப்போது ஊகித்துப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணை வைத்தே பார்ப்போம்.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது எடைக் கணக்கில். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. இரண்டு வேளைக்கு நடுவில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் என்று வரும்.

ஆனால் வீட்டில் யாரும் மில்லிகிராமில் அளப்பதில்லை, மில்லியில்தான் அளக்கிறார்கள். ஒரு மில்லிக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை மூன்று. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, இதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்கான மருந்து என்பதால் அதுதான் லேசானது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் அடர்த்தி கூடியது அதுதான். குழந்தை துப்பிவிடாமல் கொஞ்சமாக விழுங்கினாலே போதும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

எட்டு கிலோ குழந்தைக்கு 5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். முதல் சிரப்பாக இருந்தால் 120 மில்லிகிராம் உள்ளே போகும், சரியான அளவு. "கொடுக்கலாம்" என்ற பதிலும் சரி. இரண்டாவது சிரப்பாக இருந்தால் 250, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். சொட்டு மருந்தாக இருந்தால் 500 மில்லிகிராம், கிலோவுக்கு அறுபதைத் தாண்டுகிறது, நான்கு மடங்கு. அந்த ஒரு வேளையோடு நின்றால் குழந்தை தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆனால் "கொடுக்கலாம்" என்ற பதிலை வாங்கியவர்கள் ஒரு வேளையோடு நிறுத்துவார்களா? காய்ச்சல் இறங்காவிட்டால் ஒரு நாளைக்கு நான்கு தடவை கொடுப்பார்கள், மறுநாளும் கொடுப்பார்கள். அந்த அளவு கல்லீரலைக் கெடுத்துவிடும். ஆரம்பத்தில் அதற்கு அறிகுறி என்று பெரிதாக எதுவும் தெரியாது, வாந்தியும் சோர்வும் வந்தால் அதையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

8 என்பது எட்டு வயதாக இருந்தால் கதை தலைகீழ். அந்த வயதில் எடை சுமார் 25 கிலோ இருக்கும். 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்தான் இப்போது சரியான மருந்து, 120 உள்ள சிரப் போதாது. போதாவிட்டால் காய்ச்சல் சரியாக இறங்காது, அவ்வளவுதான்.

எட்டு மாதமா எட்டு கிலோவா என்ற குழப்பமோ, வேடிக்கை என்னவென்றால், ஒரு குழப்பமே இல்லை. எட்டு மாதக் குழந்தையின் எடை பெரும்பாலும் எட்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். எப்படிப் படித்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. இரண்டு அர்த்தம் இருக்கிறது என்பதற்காகவே கேட்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எட்டு நாள் என்றால்தான் எல்லாமே மாறிவிடுகிறது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், எத்தனை மில்லி என்ற கேள்விக்கே இடமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்திலோ மூளை உறையிலோ பரவிய கிருமித் தொற்றுக்கு அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே வெளியே தெரிகிற அறிகுறியாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் அந்த ஒரே அறிகுறியும் மறைந்துவிடும், "இறங்கிடுச்சு" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

பார்த்தீர்களா, கேள்வி ஒன்றுதான். "ஆமாம்" என்ற பதில் ஒரு வாசிப்பில் சரி, ஒன்றில் போதாதது, ஒன்றில் நஞ்சு, ஒன்றில் கேள்விக்கே சம்பந்தமில்லாதது.

எது நடக்கக்கூடும் என்பதும் எதைச் செய்யலாம் என்பதும்

நம் மனம் ஊகிக்கும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று, இந்த மாதிரி ஆட்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்பது. இன்னொன்று, அப்படிக் கேட்க நினைத்தால் இந்த எழுத்துகள் வந்திருக்குமா என்பது. இரண்டும் எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. கணினியில் எழுத்துப்பிழை திருத்தும் நிரல்களும் அடிப்படையில் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. முறையில் தப்பில்லை. கடைக்கு வரும் காய்ச்சல் கேள்விகளில் பெரும்பாலானவை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளைப் பற்றியவை என்றால், 8 என்பதை எட்டு மாதம் என்று படிப்பது நியாயமான ஊகம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு சொல்வது எது அதிகம் நடக்கக்கூடியது என்பதை மட்டும். அதை நம்பிப் பதில் சொல்லலாமா என்பது வேறு கணக்கு. அதில் தவறினால் என்ன விலை என்பதையும் சேர்க்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றெட்டு தடவை எட்டு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் (இது கணக்குக்காக நான் போட்ட எண்). திருப்பிக் கேட்டால் நூறு பேருக்கும் இரண்டு மூன்று நிமிடம் தாமதம். ஊகித்தால் தொண்ணூற்றெட்டு பேருக்கு அந்த நிமிடங்கள் மிச்சம், இரண்டு பேருக்குக் கைக்குழந்தையின் உயிர். இந்தத் தராசில் எந்தப் பக்கம் தாழும் என்பதற்கு நிகழ்தகவுப் பாடம் எதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஊகம் மிகவும் தப்பாகப் போனால் ஆபத்து குறைவு. குழந்தைக் காய்ச்சலைக் கேட்டவருக்கு நீங்கள் மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பதில் எழுதினால், "நான் அதைக் கேக்கலண்ணா" என்று அடுத்த நிமிடமே எழுதுவார். ஊகம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்போதுதான் வில்லங்கம். பாப்பா, காய்ச்சல், பாராசிட்டமால், 5 மில்லி எல்லாம் பதிலில் சரியாக இருக்கும், பாட்டில் மட்டும் வேறு. படிப்பவருக்குச் சந்தேகம் வரவே வராது. நாம் இடையில் ஒரு பாட்டிலை மனதில் நினைத்துக்கொண்டுதான் பதில் சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது. தெளிவாக, தன்னம்பிக்கையோடு எழுதிய பதில் என்றால் கேட்கவே வேண்டாம், ஊகித்த சுவடே அதில் இருக்காது.

எப்போது கேட்க வேண்டாம்

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கக் கிளம்பிவிடக் கூடாது. `kada etna mni vra` என்று ஒருவர் அனுப்பினால், கடை எத்தனை மணி வரை என்று கேட்கிறார். "ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர் வேறு எதையாவது கேட்டிருந்தால் உடனே சொல்லிவிடுவார், இடையில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. இதற்குப் போய் "நீங்கள் கேட்பது கடை மூடும் நேரத்தையா?" என்று எழுதினால் எதிரில் இருப்பவர் எரிச்சலாவார், அடுத்த தடவை அவசியமாகக் கேட்கும்போதும் பதில் சொல்ல மாட்டார்.

மனதுக்குள் போட்டுப் பார்க்க வேண்டிய சோதனை இதுதான். இந்த வாக்கியத்தை வேறு எப்படியெல்லாம் படிக்கலாம் என்று இரண்டு மூன்று வாசிப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொல்லப்போகிற பதில் என்ன? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்றால் கேட்காதீர்கள், எட்டு மாதமா எட்டு கிலோவா மாதிரி. பதில்கள் வேறு, ஆனால் தவறினால் அவரே கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடுவார் என்றால், நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதைப் பதிலிலேயே தெரியும்படி சொல்லிவிட்டு மேலே போகலாம். பதில்கள் வேறு, தவறு வெளியே தெரியாது, தெரியும்போது திருப்ப முடியாது, அப்போதுதான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது

"புரியவில்லை, தெளிவாக எழுதுங்கள்" என்பது கேள்வியே அல்ல. எதைத் தெளிவாக்க வேண்டும் என்று அதில் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுகிறவர் அதே வாக்கியத்தை அதே குறையோடு இன்னொரு தடவை அனுப்புவார்.

விமான வானொலியில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். பேச்சு பாதியில் சிதைந்தால் முழுவதையும் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை. இன்ன சொல்லுக்குப் பின்னால் சொன்னதை மறுபடி சொல், இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையில் சொன்னதை மறுபடி சொல் என்று, தொலைந்த துண்டை மட்டும் கேட்பதற்கே தனித்தனி வாசகங்கள் உண்டு. எது வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அந்தத் துறை இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃபே தீவில் உள்ள லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனியில், ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. ஒன்று கே.எல்.எம்., மற்றது பான் ஆம். கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம். விமானத்திடம் "ஓகே" என்று சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் அதே நேரத்தில் சொன்னது. இரண்டும் ஒரே அலைவரிசையில் மோத, கே.எல்.எம். விமானி அறையில் "ஓகே"வுக்குப் பிறகு ஒரு கீச்சொலிதான் கேட்டது. விமானம் ஏற்கெனவே உருளத் தொடங்கியிருந்தது. அவன் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்ற பொருளில் விமானப் பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார். விலகிவிட்டான் என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொல்லிவிட்டார். வானொலியில் திரும்பக் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் சேர்ந்தன, ஆனால் கேட்காமல் போன பகுதியை எதிர்பார்ப்பு நிரப்பிக்கொண்டது என்பது அதில் முக்கியமான ஒன்று.

நம் பாப்பாவுக்கு வருவோம். இரண்டாவது தவறு, "எட்டு மாசம்தானே?" என்று கேட்பது. 'தானே' போட்டுக் கேட்டால் நம் ஊரில் வரும் பதில் "ஆமாண்ணா". தூக்கக் கலக்கம், பதற்றம், கடைக்காரருக்குத் தெரியாததா என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து தலையாட்ட வைத்துவிடும். அது நம் ஊகத்துக்கே ஒரு முத்திரை குத்தியதுதான், புதிதாக எதுவும் தெரிந்துகொண்டதாகாது. அவரே சொல்லும்படி கேட்க வேண்டும்: "பாப்பா பிறந்து எவ்வளவு நாளாச்சு?"

மூன்றாவது, அவருக்குத் தெரியாததைக் கேட்பது. "ஐந்து மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டால் பலருக்கு அதைப் பாட்டிலில் எங்கே பார்ப்பது என்றே தெரியாது, ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். எதில் அளந்து கொடுக்கிறீர்கள், மூடியிலா, ரப்பர் வைத்த ஃபில்லரிலா? சிரப்போடு அளவு மூடி வரும், சொட்டு மருந்தோடு ஃபில்லர் வரும். ஃபில்லர் என்று பதில் வந்தால் உடனே உஷாராகிவிடலாம். அதைவிட நல்லது லேபிளின் படம். பாராசிட்டமாலோடு வேறொரு வலி மருந்தும் கலந்த சிரப்புகளும் நிறைய விற்கின்றன, para என்று வீட்டில் சொல்வது அதுவாகவும் இருக்கலாம். படத்தில் அது தெரிந்துவிடும்.

ஆக, நான் அனுப்புவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். எழுதியது அம்மாவா அப்பாவா தாத்தாவா என்று தெரியாததால் முறை வைத்துக் கூப்பிடாமல்:

"பாப்பா பிறந்து எத்தனை நாள் அல்லது எத்தனை மாசம் ஆச்சுங்க? மருந்து பாட்டிலோட லேபிள் தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. கடைசியா எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? நான் பதில் சொல்ற வரைக்கும் அடுத்த வேளை குடுக்க வேணாம். மூணு மாசம் ஆகாத குழந்தைன்னா எனக்காகக் காத்திருக்காம இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க."

இதில் மூன்று கேள்விதான். எடையைக் கேட்கவில்லை, வயது தெரிந்தால் ஓரளவு போதும், தேவைப்பட்டால் அடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தா அரையா என்றும் கேட்கவில்லை, பாட்டில் எது என்று தெரிந்தால் எத்தனை மில்லி என்பதை நாமே சொல்லப்போகிறோம். நேரத்தைக் கேட்டதற்குக் காரணம் அந்த nyt. செய்தி மத்தியானம் வந்திருந்தால் அதைக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு வந்ததென்றால், ஒன்பது மணிக்குக் கொடுத்ததைத்தான் "ராத்திரி" என்கிறார்கள் என்றால், இன்னும் நான்கு மணி நேரமே ஆகவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. திருப்பிக் கேட்பதில் ஒரு நிஜமான சிக்கல், பதில் வராமலே போகலாம். குழந்தை அழும், செல்பேசியை வைத்துவிடுவார்கள், "கேட்டுட்டுத்தான இருக்கோம்" என்று மருந்தையும் கொடுத்துவிடுவார்கள். அதனால் எந்த வாசிப்பாக இருந்தாலும் பொருந்துகிற பாதுகாப்பான வார்த்தையை, பதிலுக்குக் காத்திருக்காமல், கேள்வியோடேயே அனுப்பிவிட வேண்டும். ஒரு வேளை தள்ளிப்போவதால் காய்ச்சல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அதைச் சமாளித்துவிடலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டுவிடுவதே மேல். பேச்சில் எட்டு நாளும் எட்டு மாசமும் ஒருபோதும் ஒன்றாகக் கேட்காது.

சில பேர் கேள்வி கேட்பதற்குப் பதிலாக எல்லா வாசிப்புக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுவார்கள். இந்த பாட்டிலானால் இவ்வளவு, அந்த பாட்டிலானால் அவ்வளவு, இந்த வயதானால் இப்படி என்று. இரண்டு கிளைக்கு அது சரிவரும். மூன்று பாட்டிலும் மூன்று வயதும் சேர்ந்து ஒன்பது வரி ஆகிவிட்டால், அதில் தன் வரியை அந்த நேரத்தில் தேடிப்பிடிக்கும் வேலை கேட்டவர் தலையில் விழுகிறது. நாம் ஊகிக்காமல் விட்டதை அவர் ஊகிக்கப் போகிறார்.

படம் வருகிறது, வயது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதம், சொட்டு மருந்து, கடைசியாகக் கொடுத்தது நேற்று ராத்திரி. இப்போது நம் பதிலும் சிதையக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. `.8ml` என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் போகும், எட்டு ஃபில்லர் கொடுத்துவிடுவார்கள். மருந்தளவில் ஒன்றுக்குக் குறைந்த எண்ணை முன்னால் சுழி போட்டுத்தான் எழுத வேண்டும் என்று மருந்தாளுநர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். "0.8 மில்லி, அதாவது ஒரு மில்லிக்கும் குறைவு, ஃபில்லரில் ஒன்று என்று போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும்" என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, "எவ்வளவு எடுக்கப் போறீங்கன்னு ஃபில்லரை ஒரு போட்டோ எடுத்துக் காட்டிட்டுக் குடுங்க" என்று முடிப்பேன்.